வெளிநாட்டுக் காசு தவறான கணக்கில் விழுந்தால்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“கணக்கின் பெயரிலேயே ‘நொன் ரெசிடென்ட்’ என்று இருக்கு. அப்ப அதுக்குள்ள போட்ட காசைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுக்கலாம்தானே?”

இல்லை. பெயர் சொல்வது நீங்கள் யார் என்பதை மட்டும்தான், அதாவது இலங்கைக்கு வெளியே வசிக்கும் ஆள் என்பதை. காசு திரும்பி வெளியே போகலாமா என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

2017 நவம்பர் 20 முதல் நம் நாட்டில் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. புதிய சட்டம் வந்தபோது பழைய கணக்குகளுக்குப் பெயர் மாறி வகைகளும் ஒழுங்குபடுத்தப்பட்டன, பிறகு 2021 பெப்ரவரியில் அந்த ஒழுங்குவிதிகள் இன்னொரு தடவை புதிதாக வெளியிடப்பட்டன. வெளியே இருக்கும் நம்மவர்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியவை மூன்று கணக்குகள்.

ஒன்று வதிவற்றோர் ரூபாய்க் கணக்கு. நீங்கள் சொல்லும் ‘நொன் ரெசிடென்ட்’ பெரும்பாலும் இதுதான். இது ரூபாய்க் கணக்கு, இலங்கைக்குள் செலவு செய்வதற்கு. அம்மாவின் மருந்து, வீட்டு வரி, கரண்ட் பில், கோயில் திருவிழாக் காசு எல்லாவற்றுக்கும் நல்ல கணக்கு. ஆனால் இதிலிருந்து ஒரு காணி வாங்கி, பிறகு விற்று, விற்ற காசைச் சுவிஸுக்கோ கனடாவுக்கோ கொண்டுபோகும் உரிமையை இது தராது.

இரண்டாவது தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு. வங்கியில் பி.எப்.சி.ஏ. என்பார்கள். முன்பு என்.ஆர்.எப்.சி. என்று இருந்தது இப்போது இதற்குள் அடங்கும், நம்ம பக்கத்தில் இன்னும் பழைய பெயரில்தான் கேட்பார்கள், வங்கிக்காரருக்கும் அது விளங்கும். காசு டொலராகவோ யூரோவாகவோ பவுணாகவோ அப்படியே கிடக்கும்.

மூன்றாவதுதான் ஆட்கள் தவறவிடுவது: உள்முக முதலீட்டுக் கணக்கு, ஐ.ஐ.ஏ. வெளியிலிருந்து வந்து இங்கே முதலிட்டு, பிறகு திரும்பிப் போகக்கூடிய காசுக்கென்றே வைத்த கதவு இது. வெளிநாட்டு நாணயத்திலும் திறக்கலாம், ரூபாயிலும் திறக்கலாம். இங்கேதான் பல பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ரூபாயில் இருக்கும் ஐ.ஐ.ஏ.யும் ரூபாயில் இருக்கும் வதிவற்றோர் கணக்கும் திரையில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உரிமையோ முற்றிலும் வேறு.

“எனக்கு எந்தக் கணக்கு திறந்து தந்தார்கள் என்றே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?”

பாஸ்புக்கின் முன்பக்கத்திலோ மாதக் கூற்றின் மேலேயோ கணக்கின் பெயர் இருக்கும், ஆனால் வங்கிகள் தங்கள் விளம்பரப் பெயரைத்தான் அங்கே பெரிதாகப் போடுவார்கள். அதை நம்பாமல் கிளைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, “இந்தக் கணக்கு வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் எந்த வகை?” என்று மட்டும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். கவுண்டரில் வாயால் சொல்வது பத்து வருடத்துக்குப் பிறகு உதவாது, சொன்ன ஆளும் அதற்குள் வேறு கிளைக்கு மாற்றலாகியிருப்பார்.

அதற்கு முன்பே ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் தம்பியோ மச்சானோ நெல் விற்ற ரூபாயைக் கையில் கொண்டுபோய், சீட்டு நிரப்பி, அந்தக் கணக்கில் எப்போதாவது போட்டிருக்கிறார்களா? வங்கி ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டதா? அப்படியென்றால் அது ஐ.ஐ.ஏ.யும் இல்லை, பி.எப்.சி.ஏ.யும் இல்லை. அந்த இரண்டுக்கும் உள்ளூர் ரூபாய் இப்படி உள்ளே போக முடியாது. உள்ளூர்க் காசு கலக்க முடியாது என்பதால்தான் அவற்றிலிருந்து காசு வெளியே போக அனுமதி இருக்கிறது.

வெளிநாடு போகுமுன் அடையாள அட்டையைக் காட்டித் திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கையே இன்னும் பாவிக்கிறவர்களும் நிறையப் பேர். காசு வந்து விழும், எடுக்கவும் முடியும், அதனால் ஒரு குறையும் தெரியாது. குறை தெரிவது காணியை விற்கும் நாளில்தான்.

“சுவிஸில் இருக்கிறேன், இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கு. 2018இல் கல்லடியில் காணி வாங்கினேன், 2024இல் விற்றேன். காசை அனுப்ப முடியாது என்கிறார்கள். என் காசுதானே?”

உங்கள் காசுதான், அதை ஒருவரும் மறுக்கவில்லை. அது எந்த வழியாக வந்தது என்பதற்குத்தான் வங்கி சான்று கேட்கிறது. உங்கள் நிலைமை பல பேருக்குப் பொருந்தும் என்பதால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். சுலபத்துக்காக எல்லாவற்றையும் டொலரில் வைக்கிறேன், ரூபாய்த் தொகைகள் உதாரணத்துக்கு.

2018 ஆரம்பத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 155 ரூபாய். 38,700 டொலர் அனுப்பியிருந்தால் இங்கே கிட்டத்தட்ட 60 இலட்சம் ரூபாய் விழுந்திருக்கும். அது வதிவற்றோர் ரூபாய்க் கணக்கில் விழுந்தது, அதிலிருந்து காசோலை எழுதிக் காணியை வாங்கினீர்கள். 2024இல் 150 இலட்சத்துக்கு விற்றீர்கள். இலாபம் 90 இலட்சம். அந்த ஆண்டில் தனிநபருக்கு மூலதன ஆதாய வரி 10 வீதம், ஆகவே செலவுகளைக் கழிக்காமல் பார்த்தால் 9 இலட்சம் வரி. கையில் 141 இலட்சம். ஒரு டொலர் 300 என்று வைத்தால் 47,000 டொலர்.

இப்போது வங்கி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காணி வாங்கிய 60 இலட்சம் ஐ.ஐ.ஏ. வழியாக வந்ததா? ஆம் என்றால் அந்த 141 இலட்சமும், இலாபத்தோடு சேர்த்து, உங்கள் ஐ.ஐ.ஏ.க்குள் போய் அங்கிருந்து சுவிஸுக்குப் போகலாம். இல்லை என்றால், 2018இல் ஸூரிச்சிலிருந்து காசு வந்ததற்கு ஆயிரம் சான்று இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது இலங்கையில் இருந்த ரூபாயில் வாங்கிய இலங்கைச் சொத்து.

அப்போது திறந்திருப்பது இன்னொரு கதவு. குடிபெயர்ந்தவர்கள் இங்குள்ள சொத்தை விற்றால் அந்தக் காசு மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு என்ற ஒன்றுக்குள் போகும், சி.டி.ஆர்.ஏ. என்பார்கள். அதிலிருந்து குடிபெயர்வோர் கொடுப்பனவு என்ற பெயரில் முதல் தடவை இவ்வளவு, அதற்குப் பிறகு ஆண்டுக்கு இவ்வளவு என்று எல்லைக்குள் அனுப்பலாம். அந்த எல்லைகளை 2020க்குப் பிறகு தற்காலிகக் கட்டளைகளால் பல தடவை குறைத்தும் கூட்டியும் இருக்கிறார்கள், ஆகவே இணையத்தில் எப்போதோ யாரோ எழுதிய தொகையை வைத்துத் திட்டம் போடாதீர்கள், அனுப்பும் மாதத்தில் வங்கியிடம் கேளுங்கள். உங்களுக்குப் பொருந்தும் எல்லை ஆண்டுக்கு 10,000 டொலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் அந்த 47,000 டொலர் போய் முடிய ஐந்து ஆண்டு ஆகும். அதுவரை மிச்சம் ரூபாயாகவே இங்கே கிடக்கும், நாணயமாற்று வீதம் எந்தப் பக்கம் போனாலும் அதை நீங்கள்தான் தாங்க வேண்டும்.

அதே ஆள், அதே காணி, அதே விலை. 2018இல் காசு வந்து இறங்கிய கணக்கு மட்டும்தான் வேறு.

“அப்ப ஐ.ஐ.ஏ. வழியாகக் காணி வாங்குவது எப்படி? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்க.”

முதலில் கணக்கைத் திறக்க வேண்டும், காணி பேசி முற்பணம் கொடுப்பதற்கு முன்பே. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் லீவில் வந்து நிற்கும் மூன்று கிழமைக்குள் காணி பார்த்து, பிடித்துப்போய், அவசரத்தில் அண்ணனின் கணக்குக்குக் காசை அடித்து முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த முற்பணம் அண்ணனின் கணக்கிலிருந்து போன காசு. பின்னால் மிச்சத்தை ஐ.ஐ.ஏ.யிலிருந்து கொடுத்தாலும் முற்பணத்துக்குச் சான்று கிடையாது.

கடவுச்சீட்டு, இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ், வெளிநாட்டு முகவரிக்கு ஆதாரம், வருமானத்துக்கு ஆதாரம் இவ்வளவும் பொதுவாகக் கேட்பார்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள கிளை விண்ணப்பத்தை எடுத்து, கொழும்பில் இதைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பும். அதனால் சில நாள் எடுக்கும். லீவுக்கு வருமுன் மின்னஞ்சலில் தொடங்கிவிடுவது நல்லது.

கணக்கு திறந்ததும் உங்கள் சொந்தப் பெயரில் உள்ள வெளிநாட்டுக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். மனைவியின் கணக்கிலிருந்தோ நண்பரின் கடையிலிருந்தோ வேண்டாம். அனுப்பும் படிவத்தில் நோக்கம் எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள், “குடும்பச் செலவு” என்றும் போடாதீர்கள். இப்படி இருந்தால் போதும்:

```
Credit to: IIA No. ..........
Purpose: Purchase of immovable property
```

காசு வந்து விழுந்ததும் வங்கி தரும் வரவு அறிவித்தலை வாங்கி வையுங்கள், அனுப்பிய வங்கியிடம் ஸ்விஃப்ட் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் விற்பவருக்குப் பணம் நேரே ஐ.ஐ.ஏ.யிலிருந்து போக வேண்டும், காசோலையாகவோ கணக்கு மாற்றமாகவோ. இந்த இடத்தில்தான் வேலை கெடும். “சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து கொடுப்போம், லேசு” என்று யாராவது சொல்வார்கள். அப்படி மாற்றினால் சங்கிலி அறுந்துபோகும், ஐ.ஐ.ஏ.யிலிருந்து போனது காணிக்காகவா வீட்டுச் செலவுக்காகவா என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது.

உறுதி முடிக்கும் நொத்தாரிசிடம், காசு எப்படிக் கொடுக்கப்பட்டது, எந்த வங்கியின் எந்த இலக்கக் காசோலை என்பதை அத்தாட்சிப் பகுதியில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் எழுதுவார்கள். உறுதியில் விலையைக் குறைத்துப் போடும் பழக்கம் நம்ம பக்கத்தில் இருக்கிறது, முத்திரை வரியை மிச்சம் பிடிக்க. அது சட்டப்படி தவறு என்பது ஒரு புறம், அதோடு 90 இலட்சம் கொடுத்துவிட்டு உறுதியில் 40 என்று போட்டால், வங்கிக் கோப்பில் உங்கள் முதலீடு 40 இலட்சம்தான். விற்கும்போது இலாபம் கூடத் தெரியும், வரியும் கூடும்.

பிறகு அந்தக் காணியில் வீடு கட்டினால் ஒப்பந்தக்காரருக்கும் ஐ.ஐ.ஏ.யிலிருந்தே கொடுத்து பில்களை வையுங்கள். வாடகைக்கு விட்டால் அந்த வாடகையும் ஐ.ஐ.ஏ.க்குள் வரலாம், ஏனென்றால் அது அந்த முதலீட்டின் வருமானம்.

“எனக்கு பி.எப்.சி.ஏ. இருக்கு. அதிலயும் டொலர்தானே கிடக்கு, அது போதாதா?”

காசை டொலராகவே பாதுகாப்பாக வைத்திருக்கத்தான் நோக்கம் என்றால் போதும், நல்ல தெரிவும் அதுதான். கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்துவிட்டு ஊருக்கே திரும்பி வரப்போகும் ஆட்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்க்குச் சற்று மேல், மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. ஜனவரியில் 50,000 டொலரை மாற்றி ஒரு கோடி ரூபாய் நிலையான வைப்பில் போட்டவருக்கு மே மாதத்தில் அந்தக் கோடியின் பெறுமதி 28,000 டொலருக்கும் குறைவு. அதே காசை பி.எப்.சி.ஏ.யில் டொலராக விட்டவருக்கு 50,000 அப்படியே இருந்தது.

ஆனால் அந்த டொலரை ரூபாயாக மாற்றிக் காணி வாங்கினால், விற்ற ரூபாய் மீண்டும் பி.எப்.சி.ஏ.க்குள் போகாது. வெளியே எடுத்துப்போக நினைக்கும் முதலீடு என்றால் காணி வாங்குமுன் பி.எப்.சி.ஏ.யிலிருந்து உங்கள் பெயரிலேயே உள்ள ஐ.ஐ.ஏ.க்கு வெளிநாட்டு நாணயமாக மாற்றிவிடுங்கள், அங்கிருந்து வாங்குங்கள். அந்த மாற்றத்துக்கு அனுமதி இருக்கிறது.

“ரூபாய்க் கணக்கில் நிறையக் காசு சேர்ந்துட்டு. அதை எடுத்து பி.எப்.சி.ஏ.யிலோ ஐ.ஐ.ஏ.யிலோ போட்டால் சரியாகிடாதா?”

ஆகாது. ரூபாயைக் கொடுத்து டொலர் வாங்கி அந்தக் கணக்குகளில் போட வங்கி விடாது. ஆரம்பத்தில் வெளியிலிருந்து வந்த காசுதான் என்று நீங்கள் பத்து வருடத்து வரவு அறிவித்தல்களைக் கொண்டுவந்து காட்டினாலும், ரூபாயாக மாறிச் சாதாரணக் கணக்குக்குள் இறங்கியதோடு அந்தக் காசு உள்ளூர்க் காசுதான். வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகளால் வந்து, அம்மா அடையாள அட்டையைக் காட்டி ரூபாயாக எடுத்த காசும் இப்படித்தான்.

“நேற்றுத்தான் அனுப்பினேன், தவறான கணக்கு நம்பர் போட்டுட்டேன் போல. இன்னும் வந்து சேரவில்லை.”

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் உங்களுக்குத்தான் வழி நன்றாகத் திறந்திருக்கிறது, ஆனால் இன்றைக்கே செய்யுங்கள். அனுப்பிய வங்கிக்கு அறிவித்து, பரிமாற்றத்தைத் திருத்தவோ திரும்ப அழைக்கவோ சொல்லுங்கள். அதே நேரம் இங்குள்ள கிளைக்கு மின்னஞ்சல் போட்டு, வரும் காசை ரூபாயாக மாற்ற வேண்டாம், நிறுத்தி வையுங்கள், ஐ.ஐ.ஏ.க்குத்தான் போக வேண்டும் என்று எழுதுங்கள், கணக்கு இலக்கத்தையும் அனுப்பிய தொகையையும் திகதியையும் குறிப்பிட்டு. திரும்பிப் போனால் கட்டணம் கொஞ்சம் வெட்டுவார்கள். பரவாயில்லை, திரும்பவும் சரியாக அனுப்பலாம். ரூபாயாக மாறி வரவு வைத்து, அதிலிருந்து இரண்டு செலவும் செய்த பிறகு கேட்டால் வங்கி கை விரித்துவிடும்.

“உம்மாவின் பெயருக்குக் காசு அனுப்பி, அக்கரைப்பற்றில் உம்மாவின் பெயரில் காணி வாங்கினோம். எனக்கு இப்ப பிரித்தானியப் பிரஜாவுரிமை மட்டும்தான். பிறகு என் பெயருக்கு மாற்றி விற்றால் காசை எடுக்கலாமா?”

இதில் இரண்டு சிக்கல் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது, பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது காணிச் சட்டம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மட்டுப்பாடுகள் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை ஒருவருக்குக் காணியை விலைக்கு எழுதிக் கொடுக்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. நெருங்கிய உறவினரிடமிருந்து நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ வாரிசாகவோ வருவதற்கும் விதிவிலக்கு இருக்கிறது. ஆகவே உம்மா உங்களுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். உறுதி அளவில் பிரச்சினை இல்லை.

இரண்டாவது காசு. நீங்கள் உம்மாவின் பெயருக்கு அனுப்பியது உம்மாவுக்குக் கொடுத்த காசு, அவர் இங்கே வசிப்பவர், அவர் ரூபாயில் வாங்கினார். அந்தக் காணி உங்களுக்கு நன்கொடையாக வந்தாலும் நீங்கள் அதில் ஒரு சதமும் முதலிட்டதாக எந்தக் கோப்பும் சொல்லாது. விற்றால் ஐ.ஐ.ஏ. வழி இல்லை, குடிபெயர்ந்தவர் என்ற முறையில் சி.டி.ஆர்.ஏ. வழிதான், எல்லையோடு. காணியை இன்னும் விற்கவில்லை என்றால் அவசரப்பட்டு எதையும் எழுதாமல், அந்தக் காசு உண்மையிலேயே பிரித்தானியாவுக்குத் திரும்ப வேண்டியதுதானா என்று வீட்டில் முதலில் பேசுங்கள்.

“தங்கச்சிக்குச் சீதன வீடு கட்டக் காசு அனுப்பப் போறேன். அதுக்கும் இந்த ஐ.ஐ.ஏ. வேணுமா?”

வேண்டாம். நம்ம பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், அண்ணன் தம்பி வெளியிலிருந்து கட்டிக்கொடுப்பார்கள், அந்தக் காசு திரும்பி வரப்போவதில்லை. தங்கச்சியின் சாதாரணக் கணக்குக்கே வங்கி வழியாக அனுப்புங்கள், வரவு அறிவித்தலை அவரிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். நாளைக்கு இறைவரித் திணைக்களம் வீடு கட்டிய காசு எங்கே என்று கேட்டால் அது உதவும். ஐ.ஐ.ஏ. என்பது திரும்பப் போக வேண்டிய காசுக்கு மட்டும்.

“சம்மாந்துறையில் வாப்பா விட்டுப்போன வயல் இருக்கு, குத்தகைக் காசு வருது. அதோட ஒரு சின்னப் பென்சனும். இதுகளை ஐ.ஐ.ஏ.யில் போடலாமா?”

போட முடியாது. அந்த வயல் ஐ.ஐ.ஏ.யால் வாங்கியது இல்லை, ஆகவே அதன் குத்தகையும் அதற்குள் போகாது. வெளிநாட்டில் நிரந்தர வதிவிடமோ பிரஜாவுரிமையோ எடுத்துக் குடிபெயர்ந்தவர் என்றால் இப்படியான வருமானத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, ஈ.ஆர்.ஐ.ஏ. என்று கேளுங்கள். வாடகை, பென்சன், பங்கிலாபம் போன்ற வருமானம் அதில் விழும், அதை வெளியே அனுப்பலாம். வயலையே விற்றால் வரும் காசு அதற்குள் போகாது, அது மூலதனம், மேலே சொன்ன சி.டி.ஆர்.ஏ.க்குத்தான் போகும். வருமானம் ஒரு கணக்கு, சொத்து விற்ற காசு இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே வதிவற்றோர் ரூபாய்க் கணக்கில் போட்டுக் கலந்துவிட்டால், பின்னால் எது எது என்று பிரித்துக் காட்டக் குத்தகை ஒப்பந்தங்களையும் பென்சன் கடிதங்களையும் தேடி அலைய வேண்டிவரும்.

“உண்டியலில் கூடக் காசு கிடைக்குது. அதில அனுப்பிக் காணி வாங்கினால்?”

2022இல் வங்கி வீதத்துக்கும் உண்டியல் வீதத்துக்கும் இருந்த இடைவெளியில் நிறையப் பேர் அந்தப் பக்கம் போனார்கள், ஏன் போனார்கள் என்பதும் விளங்குகிறது. ஆனால் உண்டியலில் வெளிநாட்டு நாணயம் இலங்கைக்குள் வருவதே இல்லை. அங்கே நீங்கள் பிராங் கொடுக்கிறீர்கள், இங்கே யாரோ ரூபாய் கொண்டுவந்து தருகிறார்கள். வங்கிக் கோப்பில் ஒரு வரியும் இருக்காது. வதிவற்றோர் ரூபாய்க் கணக்கில் விழுந்த காசுக்காவது வந்ததற்கு ஒரு தடம் இருக்கும், மத்திய வங்கிக்கு எழுதலாம். இதற்கு அதுவும் இல்லை. அனுமதி இல்லாத வழியில் காசு அனுப்புவது சட்டவிரோதம் என்பது வேறு.

“எல்லாம் நடந்து முடிஞ்சிட்டு. காணி விற்ற காசு சேமிப்புக் கணக்கில் கிடக்கு. இப்ப என்ன செய்யலாம்?”

முதலில் வரியை முடியுங்கள். சொத்தை விற்று 30 நாளுக்குள் மூலதன ஆதாய வரி விபரத்திரட்டைக் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு வீதம் 15. அதற்கு முந்திய விற்பனைக்கு 10. 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே உங்களிடம் இருந்த காணி என்றால், வாங்கிய விலைக்குப் பதில் அந்த நாளில் இருந்த சந்தைப் பெறுமதியை வைத்து இலாபத்தைக் கணக்கிடலாம். பழைய காணிக்காரர்களுக்கு இது பெரிய வித்தியாசம், ஆகவே ஒரு மதிப்பீட்டாளரிடம் அந்தத் திகதிக்கான அறிக்கை எடுங்கள். வரி கட்டிய சான்று இல்லாமல் வங்கி காசு அனுப்பும் பேச்சையே எடுக்காது.

அடுத்து, அந்தக் காசை இன்னும் வேறு காசோடு கலக்காதீர்கள். விற்பனை உறுதியின் பிரதி, வாங்கிய உறுதி, வாங்குபவரின் காசோலை வரவு, வரிச் சான்று, உங்கள் வெளிநாட்டுப் பிரஜாவுரிமை அல்லது நிரந்தர வதிவிடச் சான்று இவற்றோடு கிளைக்குப் போய் சி.டி.ஆர்.ஏ. திறந்து காசை அதற்கு மாற்றக் கேளுங்கள். இன்றைய எல்லை என்ன, முதல் தடவை எடுப்பவருக்கு எவ்வளவு, ஏற்கெனவே எடுத்தவருக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லை ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி, ஆகவே காணி கணவன் மனைவி இருவரின் பெயரிலும் இருந்தால் இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம்.

எல்லைக்கு மேல் அனுப்ப வேண்டும் என்றால் மத்திய வங்கியின் வெளிநாட்டுச் செலாவணித் திணைக்களத்துக்கு விசேட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். உங்கள் வங்கி ஊடாகப் போவது நல்லது. அங்கேதான் பழைய வரவு அறிவித்தல்களுக்குப் பெறுமதி வரும்: காசு உண்மையில் வெளியிலிருந்து உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வந்தது, வந்த சில நாளுக்குள் அதே தொகை காணி விற்றவருக்குப் போனது என்று திகதி திகதியாகக் காட்ட முடிந்தால் உங்கள் கடிதத்துக்குப் பலம் உண்டு. அனுமதி நிச்சயம் என்று எவரும் சொல்ல முடியாது. “நான் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு தாங்க” என்று இடையில் வரும் ஆட்களுக்குச் சல்லிக்காசும் கொடுக்காதீர்கள்.

பழைய வரவு அறிவித்தல் தொலைந்திருந்தால் முதலில் நீங்கள் அனுப்பிய வெளிநாட்டு வங்கியிடம் கேளுங்கள். இங்குள்ள வங்கிகள் பழைய பதிவுகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை, ஆகவே இரண்டு பக்கமும் ஒரே கிழமையில் எழுதுங்கள். பரிமாற்றத் திகதியும் தொகையும் தெரிந்தால் தேடுவது லேசு, அது பாஸ்புக்கின் அந்த மாதத்துப் பக்கத்திலேயே இருக்கும்.